ஐந்து தீவா, ஒரு தீவா: மாமியைக் கேட்டீர்களா?

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் ஏழு நாட்களுக்கு யாழ்ப்பாணத் தீவுப் பக்கம் போக இருக்கிறோம். நான், கணவர், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமி. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர் ஐந்தையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ஒரே தீவில் தங்கி ஆறுதலாக இருப்போம் என்கிறார் கணவர். மாமி நெடுந்தீவில் பிறந்தவர். 1985க்குப் பிறகு அங்கே போனதில்லை. வள்ளம் என்றாலே பேசாமல் இருந்துவிடுவார். அவரை யாழ்ப்பாணத்தில் சின்ன மாமி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். எது நல்லது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஐந்து தீவுகளின் பெயரையும் பிழையில்லாமல் எழுதிய நீங்கள், 1985 என்ற ஆண்டை மட்டும் ஏதோ தொலைபேசி இலக்கத்தைப் போல எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். அந்த ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருந்த பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவில் பிறந்தவர்களில் அந்தப் படகில் தமக்குத் தெரிந்த ஒருவர்கூட இருக்கவில்லை என்று சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. உங்கள் மாமி வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான் என்று நான் சாதிக்க மாட்டேன். அது அவர் சொல்ல வேண்டியது. ஆனால் அவர் வீட்டுக்கு மருமகளாய் வந்து பத்து ஆண்டுக்கு மேலாகியும் அதை ஒருமுறையும் கேளாமல், அவர் பிறந்த மண்ணைப் பார்க்கப் போகும் நாளில் அவரை ஒரு பயணப்பையைப் போல உறவினர் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தது எனக்குக் கோபத்தையே தருகிறது. அவர் மகனும் இதில் உங்களுக்குக் குறைந்தவரல்லர்.

இனி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். தீவுக்குத் தீவு தாவலாம் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அங்கே அப்படித் தாவ முடியாது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் கோடியில் இருக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகு ஏற வேண்டும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் வழக்கமாக ஊர்காவற்றுறையிலிருந்து ஏற வேண்டும். காரைநகருக்குத் தரைவழி இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தீவும் ஒரு போதலும் ஒரு திரும்புதலும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776ஆம் இலக்கப் பேருந்தில் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நயினாதீவு அங்கிருந்து கால் மணித்தியாலப் பயணம் என்பதால் அதை ஒரு காலையில் முடித்துக்கொள்ளலாம். நெடுந்தீவு அப்படியல்ல. கடலில் ஒரு மணித்தியாலம் போக வேண்டும். காலைப் படகில் போனவர் பிற்பகல் படகைப் பிடிக்க வேண்டுமானால், தீவில் அவருக்குக் கிடைப்பது நான்கைந்து மணித்தியாலம். முச்சக்கரவண்டி ஒன்றைப் பேசிக்கொண்டு, குதிரைகளையும் பெருக்கமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் படம் எடுத்துக்கொண்டு ஓடிவர அது போதும். ஒரு கிழவி தான் தண்ணீர் அள்ளிய கிணற்றடியைத் தேடிக் கண்டுபிடிக்க அது போதாது.

உங்கள் ஐந்து தீவுகளுக்கும் குறைந்தது ஏழு தடவை, அனலையையும் எழுவையையும் தனித்தனியே பார்த்தால் அதற்கு மேலும், படகு ஏறி இறங்க வேண்டும். ஒரு தீவில் தங்கினால் இரண்டே தடவை. ஏறி இறங்குவது என்று நான் சொல்வதன் பொருள், துறையில் நின்று பார்த்தால்தான் விளங்கும். அலைக்குப் படகு எழும்பித் தாழும்; அது எழும்பும் நேரம் பார்த்து விளிம்பில் கால் வைக்க வேண்டும். பிறகு பல படகுகளில் ஓர் ஒடுங்கிய வாயிலால் குனிந்து, சில படிகள் கீழே இறங்கி, டீசல் மணக்கும் வயிற்றுக்குள் பலகையில் நெருக்கி உட்கார வேண்டும். முழங்கால் பிடிப்புள்ளவருக்கே அது பாடு. அந்தக் கடலை நினைவில் சுமப்பவருக்கு அந்த இருட்டு எப்படியிருக்கும் என்று யோசியுங்கள்.

ஆகஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சோளகக் காற்றின் காலம். நெடுந்தீவுக் கடல் குமுறும், சில நாட்களில் படகே புறப்படாது. ஐந்து தீவுத் திட்டத்தில் ஒரு படகு தவறினால் மிச்ச நாட்களின் கணக்கெல்லாம் சரியும். தங்குபவருக்கோ இன்னொரு நாள் மதியம் மீன்குழம்போடு போகும். ஏப்ரல் விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். வெயில் கொடியதாக இருக்கும், கிணறுகளும் வற்றியிருக்கும். ஆனால் கடல் அடங்கியிருக்கும்.

மாமி சம்மதித்தால் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் யாழ்ப்பாணத்தில் இரவு உறங்குங்கள். இரண்டாம் நாள் முதற்படகில் நெடுந்தீவுக்குப் போய் நான்கு இரவு தங்குங்கள். விடுதிகள் சிலவே என்பதால் அறையை முன்கூட்டியே பேசி, கைக்காசும் மாமியின் மருந்துகளும் கூடுதலாகக் கொண்டுபோங்கள். ஆறாம் நாள் திரும்புங்கள். குறிகட்டுவானில் அவருக்கு மனம் இருந்தால் நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், இல்லையென்றால் விடுங்கள். ஏழாம் நாளை வெறுமையாக வைத்திருங்கள், அது படகு ஓடாத நாளுக்கான இருப்பு. எந்தப் படகு வரும் என்று துறையில் முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் குமுதினி பல ஆண்டுகள் இதே துறைகளுக்கிடையில் ஓடியது. பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரை மாமி திடீரென்று வாசிக்கும்படி வைக்க வேண்டாம். நெடுந்தீவில் இறங்கும் மாவிலித்துறையிலேயே நினைவிடமும் இருக்கிறது. அவர் அங்கே நிற்க விரும்பினால் பிள்ளைகளையும் கூட நிறுத்துங்கள், குதிரை காத்திருக்கும்.

தீவில் முதல் நாள் ஒரு திட்டமும் வேண்டாம். முருகைக்கல் மதில்களுக்கிடையில் அவரை முன்னே நடக்க விட்டு நீங்கள் பின்னால் போங்கள். மதில் ஒன்றின் முன் அவர் நின்றுவிட்டால், இது யாருடைய வளவு என்று பெரியவன் கேட்கட்டும். அந்தக் கதையை வேறெந்தத் தீவும் தராது.

கேட்க வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. அதுவும் பிள்ளைகள் தூங்கிய பிறகு. "அம்மா, நெடுந்தீவுக்கு வாறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வரமாட்டேன் என்று மாமி சொன்னால் வற்புறுத்தக் கூடாது, அவரை விட்டுவிட்டு நீங்கள் நால்வரும் அங்கே போகவும் கூடாது. வேலணையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடியுங்கள். சாட்டிக் கடற்கரை பக்கத்தில் இருக்கிறது. புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் தரைவழியாகவே போய்வரலாம். ஒரு தடவையும் படகு ஏறத் தேவையில்லை. அனலைதீவும் எழுவைதீவும் உங்கள் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அங்கேயே இருக்கும்.