மாமா கூப்பிட்டார், போக முடியவில்லை: எப்படிச் சொல்வது? (கேள்வி பதில்)

பேச்சுத் தமிழ் பல வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் ‘வாங்க’, ‘உக்காருங்க’ எல்லாம் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர் ஒருவர் விசேஷத்துக்குக் கூப்பிட்டு அதை மறுக்க வேண்டி வரும்போதுதான் தடுமாறுவார்கள். தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது வந்த கேள்விகளைப் பார்த்தாலே தெரிகிறது.

திருப்பூரிலிருந்து ஒருவர்: “ஃப்ரெண்டு கூப்பிட்டா ‘வரலடா’ன்னு முடிச்சிடுவேன். பெரிய மாமாகிட்ட அதையே மரியாதையா சொல்ல ‘வரலை’ங்கிறதுக்கு என்ன விகுதி சேர்க்கணும்?”

மரியாதை விகுதி எதுவும் கிடையாது. ‘வருவீங்க’, ‘வாங்க’ என்பதில் மரியாதை ஏறுகிறது, ஏனென்றால் வரப்போகிறவர் மாமா. மறுக்கும்போது வராமல் இருக்கப்போவது நீங்கள். ‘நான்’ என்பதற்கான ‘ஏன்’ விகுதி மாமாவிடம் பேசினாலும் நண்பனிடம் பேசினாலும் ஒன்றுதான். ‘வரலை’யில் அந்த விகுதிகூட இல்லை. நான் வரலை, நீங்க வரலை, தாத்தா வரலை, பஸ் வரலை, எல்லாமே ‘வரலை’.

அதனால் மரியாதை வேறு இடங்களில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. கூப்பிடும் சொல்லில் (‘மாமா’ எங்கே, ‘டா’ எங்கே), எந்த மறுப்புச் சொல் என்பதில், மறுத்த பிறகு அவரிடம் கேட்டுக்கொள்ளும் வாக்கியத்தில். கடைசியாகச் சொன்னதில்தான் நீ, நீங்க வித்தியாசம் நேராகத் தெரியும். ‘கோவிச்சுக்காதடா’ என்று நண்பனிடம் சொல்வது மாமாவிடம் ‘கோவிச்சுக்காதீங்க மாமா’ ஆகிறது.

கோயம்புத்தூரிலிருந்து: “எங்க ஊர்ப்பக்கம் எதுக்கும் ஒரு ‘ங்க’ போட்டாப் போதுங்க. ‘வர முடியாதுங்க மாமா’. வேலை முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?”

பாதி சரி. உங்கள் ஊர் ‘ங்க’ கேட்கிறவரைப் பார்த்துப் போடுவது. யார் செய்கிறார்கள் என்ற கணக்கு அதற்கு இல்லை. அதனால்தான் ‘இல்லீங்க’, ‘ஆமாங்க’ என்று எதோடும் ஒட்டிக்கொள்கிறது. ‘வரலைங்க மாமா’ என்றால் முதல் பதிலில் சொன்ன குறை அங்கேயே தீர்ந்தது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்த வசதி அவ்வளவாக இல்லை.

ஆனால் ‘முடியாது’ என்ற சொல்லை ‘ங்க’வால் காப்பாற்ற முடியாது. ‘வர மாட்டேன்’ என்றால் மனமில்லை என்று அர்த்தம். ‘வர முடியாது’ என்றால் வாய்ப்பில்லை என்று பொருள் கொள்ளலாம், ஆனால் ‘முடியாதுய்யா, போய்யா’ என்று சண்டையில் சொல்வதும் அதே சொல்தான். பெரியவர் காதுக்கு இரண்டாவதுதான் முதலில் கேட்கும். ‘வர முடியலை’ என்றால் முயன்று பார்த்தும் கூடிவரவில்லை என்று ஆகிறது. விசேஷம் அடுத்த வாரம்தான் என்றாலும் ‘முடியலை’ என்றே சொல்லலாம், யாரும் காலக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். ‘வர முடியாம இருக்கு’ இன்னும் ஒரு படி மெது.

கல்லூரியில் படிக்கும்போது பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ‘பரீட்சை இருக்கு, நான் வர மாட்டேன் பெரியப்பா’ என்று சொல்லிவிட்டேன். காரணம் உண்மை, குரலும் பணிவுதான். இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, ‘நீ வர மாட்டேன்னியே, நான் வரட்டுமா வேண்டாமா?’ என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்த ‘மாட்டேன்’ அவருக்கு அப்படியே நினைவிருந்தது.

சென்னையில் நர்ஸாக வேலை பார்ப்பவர்: “மாமா பேத்திக்குக் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி. இப்படி அனுப்பலாமா? ‘மாமா, ஞாயிறு டியூட்டி எடுத்திருக்கேன். எங்களால் உங்க வீட்டு விசேஷத்துக்கு வர முடியாது. நீங்க நல்லபடியா நடத்துங்க. தாங்கள் மன்னிக்கவும்.’ மரியாதைக் குறைவு எங்கயும் இல்லையே?”

நீங்க, உங்க, தாங்கள் எல்லாம் சரியாக வந்திருக்கின்றன. அப்படியும் படித்தால் குத்துகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘டியூட்டி எடுத்திருக்கேன்’ என்றால் நீங்களாகவே போய் எடுத்தது. ‘டியூட்டி விழுந்திடுச்சு’ என்றால் அது வந்து உங்கள் தலையில் விழுந்தது. தமிழில் பழியை இப்படி வினைச்சொல்லிலேயே நகர்த்திவிடலாம்.

‘எங்களால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவும் வரமாட்டாரா? உங்களுக்கு மட்டும் முடியவில்லை என்றால் ‘என்னால’ என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் குடும்பமே ஒதுங்குகிறது என்று அங்கே பேச்சு கிளம்பும்.

எனக்கு அதிகம் உறுத்தியது ‘உங்க வீட்டு விசேஷம்’. உங்க என்பது மரியாதைச் சொல்தான், சந்தேகமில்லை. ஆனால் தாய்மாமன் வீட்டை ‘உங்க வீடு’ என்றால் நடுவில் ஒரு வேலி போட்ட மாதிரி. ‘நம்ம வீட்டு விசேஷம்’ என்று சொல்லுங்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, சேர்க்காத ‘நாங்கள்’ என்று தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது இந்த மாதிரி இடத்தில்தான் உதவுகிறது. நண்பன் வீட்டு விசேஷத்தை ‘உங்க வீட்டு ஃபங்ஷன்’ என்றால் அவன் ஒன்றும் நினைக்க மாட்டான்.

‘நீங்க நல்லபடியா நடத்துங்க’ என்பது ‘ங்க’ போட்ட கட்டளை. சின்னவர் பெரியவரைப் பார்த்துச் சொன்னால் ‘உங்க பாட்டைப் பாருங்க’ என்று தொனிக்கும். ‘நல்லபடியா நடக்கணும்’ என்றால் யாரையும் ஏவவில்லை. அப்புறம் ‘தாங்கள்’ பத்திரிகையில் அச்சடிக்கும் சொல். சொந்த மாமாவுக்கு அனுப்பினால் கிண்டலோ என்று யோசிப்பார்.

நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: “மாமா, நம்ம குட்டிக்குக் காதுகுத்துன்னு நீங்க சொன்னதுல ரொம்பச் சந்தோஷம். அன்னைக்குன்னு பார்த்து எனக்கு டியூட்டி விழுந்திடுச்சு, மாத்திக்க ஆள் கிடைக்கலை. என்னால வர முடியாம இருக்கு மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. அம்மா வந்துடுவாங்க. அடுத்த வாரம் லீவு இருக்கு, அப்ப வந்து குட்டியைப் பார்த்துட்டுப் போகட்டுமா?” கடைசியில் ‘போகட்டுமா’ என்று அனுமதி கேட்பதால் முடிவு சொல்லும் உரிமை அவர் கைக்குப் போகிறது. இதை வாட்ஸாப்பில் அனுப்பாமல் போனில் சொன்னால் இன்னும் நல்லது.

இதே விஷயம் தோழிக்கு என்றால்: “ஏய், ஞாயிறு டியூட்டிடி. வரல. ஃபோட்டோ அனுப்பு.” மூன்றே வாக்கியம். தோழியிடம் மேலே உள்ளதை ஒப்பித்தால் ‘உனக்கு என்ன ஆச்சு?’ என்பாள்.

மதுரையிலிருந்து: “என் பெரியம்மாவை சின்ன வயசுலேருந்து நீ, வா, போன்னுதான் கூப்பிடுறேன். மறுக்கிற நேரத்துல மட்டும் ‘நீங்க’ போடணுமா?”

வேண்டாம். பல வீடுகளில் அப்பா ‘நீங்க’, அம்மா ‘நீ’. பாட்டி, பெரியம்மா, சித்தி எல்லாம் அம்மா பக்கத்துக் கணக்கில் வந்துவிடுவார்கள். அந்த ‘நீ’ உரிமையில் வருவது. திடீரென்று ‘நீங்க கோவிச்சுக்காதீங்க பெரியம்மா’ என்றால் நீங்கள்தான் ஏதோ கோபத்தில் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தோன்றும். ‘என்னால வர முடியலை பெரியம்மா, கோவிச்சுக்காத’ போதும். ‘நீ’யை வைத்துக்கொண்டே ‘மாட்டேன்’, ‘முடியாது’ இரண்டையும் தவிர்த்தால் சரி.

பெயர் சொல்லாத ஒரு வாசகர்: “ஒருத்தரைப் போய் ‘நீங்க’ன்னு பன்மையில சொல்றதே தப்பு இலக்கணம். பழைய தமிழ்ல இது இல்லை. எல்லாரையும் நீன்னு சொல்லி நேரா மறுத்துட்டா என்ன?”

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், இதற்கென்றே ஒரு நூற்பா இருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கணப்படி வந்த வழி அல்ல என்கிறது. இலக்கணப்படி அல்ல என்ற வரை நீங்கள் சொன்னது சரி. பழைய தமிழில் இல்லை என்பதுதான் சரியில்லை. உங்கள் மாமா எந்தப் பக்கம் நிற்பார் என்பதை ஒருமுறை ‘நீ’ போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: “மாமனார் வீட்ல கூப்பிட்டிருக்காங்க. என் வீட்டுக்காரர் வரலைங்கிறார். அவர் சார்பா நான் எப்படி மரியாதையா சொல்றது?”

கவனமாக இருங்கள், ‘அவர் வர மாட்டேங்கிறார்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘ஆர்’ விகுதி அவருக்கு மரியாதை தருகிறது, ஆனால் அவர் அடம்பிடிக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ‘அவரால வர முடியலை மாமா’ என்றால் அவர் மனசு வெளியே தெரியாது. உண்மையான காரணத்தை நான் கேட்கவில்லை.

டொராண்டோவிலிருந்து, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்: “சென்னை மாமியிடம் ‘வர ஏலாது மாமி, குறை நினைக்காதேங்கோ’ எண்டு சொன்னன். அவவுக்கு முகம் மாறிப் போச்சுது. என்ன பிழை?”

உங்கள் பக்கம் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் ‘ஏலாது’ சாதாரணச் சொல், உடம்புக்கு ஏலாது, வர ஏலாது என்று எதற்கும் வரும். சென்னைக் காது அதை ‘முடியாது’ என்று மாற்றிக் கேட்டிருக்கும். ‘நினைக்காதேங்கோ’வில் மரியாதை முழுதாகவே இருக்கிறது. அடுத்த முறை ‘வர முடியேல்லை’ என்று சொல்லிப் பாருங்கள். இன்னொன்று: யாழ்ப்பாணத்தில் ஒத்த வயதினரிடம் இயல்பாக வரும் ‘நீர்’ சென்னையில் பழக்கத்தில் இல்லை. அங்கே நீ, நீங்க இரண்டுக்கும் நடுவில் படி கிடையாது.

சேலத்திலிருந்து: “அக்கா பையனுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். அன்னைக்கு கிரிக்கெட் டோர்னமெண்ட் ஃபைனல். அக்காவை நீன்னுதான் சொல்வேன். எப்படிப் பணிவா மறுக்கலாம்?”

குழந்தை உங்கள் மடியில்தான் உட்காரணும். அதற்கு எந்த விகுதியும் உதவாது. தேதியை மாற்ற முடியுமா என்று அக்காவிடம் கேளுங்கள், அல்லது ஃபைனலை விடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: “முறைக்கு சித்தப்பா, ஆனா என்னைவிட நாலு வயசு சின்னவன். ஒண்ணாப் படிச்சோம். அவன் வீட்டு வளைகாப்புக்குப் போக முடியலை. நீயா, நீங்களா?”

இதற்கு ஒரே பதில் என்னிடம் இல்லை. தனியாகப் பேசும்போது ‘வர முடியலடா’ என்றுதான் வாயில் வரும், அவரும் அதைத்தான் எதிர்பார்ப்பார். அவருடைய அம்மாவோ, மனைவியின் வீட்டாரோ பக்கத்தில் இருந்தால் ‘டா’ உதவாது. என் உறவில் ஒருவர் இந்தச் சிக்கலுக்கு ‘நீ’யும் ‘நீங்க’வும் இல்லாமலே பேசுவார்: “சித்தப்பா, ஞாயிறு வர முடியாம இருக்கு. வீட்ல சொல்லிடணும்.” ‘சொல்லிடு’வும் இல்லை, ‘சொல்லிடுங்க’வும் இல்லை. இப்படியே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார். வேறு வழி வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.