படத்தில் நிற்பது முர்ராவா? எருமை வாங்குவோர் கேள்விகளுக்குப் பதில்

தரகர் அனுப்பிய படத்தில் எருமை நல்ல கறுப்பு. “சுத்த முர்ரா, இரண்டாம் ஈத்து” என்கிறார். கொம்பு பின்னால் போய் மேலே வளைந்திருக்கிறது, ஆனால் சுருளவில்லை. நம்பலாமா? (பண்ருட்டி)

சுத்த முர்ராவுக்கான விலையைக் கொடுக்காதீர்கள். ஹரியானாவின் ரோத்தக், ஹிசார் பக்கத்து இனமான முர்ராவுக்குக் கொம்பு குட்டை. அடியிலிருந்து பின்னோக்கிப் போய், மேலே ஏறி, உள்பக்கம் திரும்பி ஜாங்கிரிச் சுற்றுபோல இறுகிக்கொள்ளும். முர்ரா பொதுவாக மூன்றரை, நான்கு வயதில்தான் முதல் கன்று போடும். இரண்டாம் ஈத்து என்றால் வயது ஐந்தை ஒட்டியிருக்கும். அதற்குள் சுருள் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். “இனிமேல் சுருளும்” என்ற பேச்சு இங்கே எடுபடாது.

நம் பக்கத்தில் இப்படித் திறந்த வளைவோடு நிற்பவை பெரும்பாலும் நாட்டெருமைக்கு முர்ரா சினை ஊசி போட்டுப் பிறந்தவை. முதல் தலைமுறையில் பாதி முர்ரா. அதற்கும் முர்ரா ஊசியே போட்டால் அடுத்ததில் முக்கால். நிறம் சீக்கிரம் கறுத்துவிடும், கொம்புதான் பழைய வளைவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் நிறத்தைவிடக் கொம்பையே நம்புங்கள். ஆனால் பாதிக் கலப்பா, முக்காலா என்பதைப் படத்தில் சொல்ல முடியாது. கலப்பு என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். காலை, மாலை, மறுநாள் காலை என மூன்று வேளை எதிரில் கறக்கச் சொல்லிப் பாலுக்கு விலை பேசுங்கள். ஒரு வேளை கறவை மட்டும் பார்த்தால், முந்தைய வேளை கறக்காமல் மடியை நிரப்பி வைத்திருப்பார்கள்.

உடம்பு செம்பழுப்பாகத் தெரிகிறது. சுர்த்தி என்கிறார்கள். வெயிலில் வெளுத்ததாக இருக்குமோ? (வில்லியனூர்)

இருக்கலாம். சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்பெருமைக்கும் முடி பழுப்பாகும். குட்டைச் சேறு காய்ந்தால் சாம்பல் நிறமும் வரும். நிறத்தை விட்டுவிட்டுக் கழுத்தின் அடிப்பக்கம் பாருங்கள். குஜராத்தின் சுர்த்திக்குத் தாடைக்குக் கீழே ஒன்று, மார்புக்கு மேலே ஒன்று என இரண்டு வெள்ளைப் பட்டை ஓடும். கொம்பு தட்டையாக, அரிவாள் வளைவில் கீழும் பின்னுமாக இறங்கி, நுனி மட்டும் மேலே கொக்கிபோலத் திரும்பும். பட்டையும் கொக்கியும் சேர்ந்திருந்தால் சுர்த்தி என்று எடுத்துக்கொள்ளலாம். தலை நிமிர்ந்திருக்கும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தீனித் தொட்டியில் குனிந்திருந்தால் பட்டை மறைந்துவிடும்.

நேரில் பார்க்கும்போது முடியை விரலால் பிரித்துப் பாருங்கள். நுனி பழுப்பாகவும் அடி கறுப்பாகவும் இருந்தால் அது வெயிலின் வேலை. முடியை மழித்து எண்ணெய் தடவியிருந்தால் எந்த எருமையும் மினுமினுப்பான கறுப்புதான்.

படத்தில் மலைபோல நிற்கிறது. நேரில் போனால் சின்னதாக இருக்கிறது. ஏன்? (பாகூர்)

செல்போனை முகத்துக்கு மிக அருகில், அதுவும் தாழ்வாகப் பிடித்து எடுத்திருப்பார்கள். அப்படி எடுத்தால் முன்பக்கம் பெருத்துத் தெரியும். பத்தடியாவது தள்ளி நின்று, மாட்டின் வயிற்று மட்டத்தில் போனைப் பிடித்து, முழுப் பக்கவாட்டுப் படம் கேளுங்கள். முன்னங்காலை ஒட்டி ஒரு ஆள் நிற்கட்டும். இருவரும் ஒரே சமதளத்தில் நிற்பது முக்கியம். ஆள் பள்ளத்தில் நின்றால் கணக்கு கெட்டுவிடும்.

வளர்ந்த பெண் முர்ராவின் உயரம் தோள்பட்டையில் சுமார் 130 செ.மீ. ஐந்தரை அடி ஆளுக்கு அக்குளைத் தாண்டி, கிட்டத்தட்டத் தோள் வரை வரும். சுர்த்தி அதைவிடச் சற்றுத் தாழ்வு. முதுகு ஆளின் முழங்கை மட்டத்திலேயே நின்றுவிட்டால், வளர்ந்த முர்ரா என்ற பேச்சுக்கு இடமில்லை.

உண்மையிலேயே பருத்த எருமை என்றால் ஜாஃபராபாதியா என்று பாருங்கள். நெற்றி புடைத்திருக்கும். கனத்த கொம்பு கழுத்தின் இருபுறமும் தொங்கி, கண்ணைப் பாதி மறைத்து, நுனியில் மேலே திரும்பும்.

சுருள் கொம்புதான், ஆனால் நெற்றியில் வெள்ளை. ஒரு கண்ணும் வெளிறியிருக்கிறது. நோயா? (நெல்லிக்குப்பம்)

நெற்றி, மூக்கு, கால்கள், வால் குஞ்சம் ஆகியவற்றிலும் வெள்ளை இருந்தால் அது பஞ்சாபின் நீலி ராவி வழியாக இருக்கும். அந்த இனத்துக்கு வெளிறிய கண் இயல்பு. முர்ராவுக்கு வால் குஞ்சத்தில் வெள்ளை இருந்தால் குற்றமில்லை. முகத்திலும் காலிலும் இருந்தால் சுத்த முர்ரா ஆகாது. கண்ணில் நீர் வடிந்தாலோ, விழிமேல் படலம் இருந்தாலோ அது வேறு விஷயம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றரை வயதுக் கிடேரியின் கொம்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா? (குறிஞ்சிப்பாடி)

உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வயதில் சுருளின் தொடக்கம்தான் தெரியும். தாயின் பக்கவாட்டுப் படத்தையும், சினை ஊசி அட்டை இருந்தால் அதில் காளை எந்த இனம் என்று எழுதியிருப்பதையும் கேளுங்கள்.