டெலிவரி வேலையை விடும் பையனின் கடைசி வாரக் கணக்கு

குன்னூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் மகன் சீசன் முழுவதும் ஊட்டியில் சாப்பாடு டெலிவரி ஓட்டியிருக்கிறார். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேரப் போகிறார். கடைசி வாரச் சம்பாத்தியம் 3,240 ரூபாய் என்று ஆப்பில் காட்டியதாம், வங்கிக்கு வந்தது 948 ரூபாய்தானாம். “ஏமாத்திட்டாங்களா சார்? ஆப்புல இருக்கற கணக்கை உடனே அழிச்சிடச் சொல்லட்டுமா?” என்று கேட்கிறீர்கள்.

அழிக்க மட்டும் வேண்டாம். அவர் அனுப்பிய வாரக் கணக்கைப் பார்த்தேன். 3,240-இல் வருமான வரிப் பிடித்தம் ஒரு சதவீதம், அதாவது 32 ரூபாய். சேரும்போது கொடுத்த சாப்பாட்டுப் பை, டீசர்ட் இரண்டுக்கும் பாக்கி இருந்த தவணை 400. மீதி 2,808. அதிலிருந்து 1,860 ரூபாய் ‘கையிருப்புப் பணம்’ என்று கழித்திருக்கிறார்கள். அதனால்தான் 948.

இந்தக் கையிருப்புப் பணம் என்பது, வாடிக்கையாளர்கள் ரொக்கமாகக் கொடுத்து பையன் பாக்கெட்டில் இருக்கும் கம்பெனிக் காசு. அவர் கட்டாமல் விட்டால் கூலியிலிருந்து கழித்துக்கொள்வார்கள், அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் மகன் ஞாயிறு இரவு 10.40-க்கு யுபிஐ வழியாக அந்த 1,860-ஐக் கட்டிவிட்டார். வாரக் கணக்கு ஞாயிறு நள்ளிரவோடு முடிகிறது. கட்டிய பணம் திங்கள்கிழமைதான் அவர் பேரில் வரவாகியிருக்கிறது. ஆக, ஒரே பணம் இரண்டு முறை போயிருக்கிறது.

வழக்கமாக ஓட்டுகிற ஆளுக்கு இது பெரிய விஷயமே இல்லை, அடுத்த வாரக் கணக்கில் கூடுதலாக வந்து சேர்ந்துவிடும். வேலையை விடுகிறவருக்கு அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது என்பதுதான் சிக்கல். கோபத்தில் கணக்கை அழித்துவிட்டால் ஆப்புக்குள் நுழையவே முடியாது. வாரக் கணக்கையும் திறக்க முடியாது, புகார் போடும் இடமும் போய்விடும்.

ஆகவே ஆர்டர் எதுவும் எடுக்காமல், இன்னும் ஒரு பணப்பட்டுவாடா முடியும்வரை கணக்கு திறந்தே இருக்கட்டும். அதற்குள் எல்லா வாரக் கணக்குகளையும் இறக்கி, தன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதுக் கம்பெனி வேறு வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கித் தரலாம். அதற்காகப் பழைய வங்கிக் கணக்கையோ சிம்மையோ மாற்ற வேண்டாம். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

அந்தப் பட்டுவாடாவிலும் 1,860 வரவில்லை என்றால் ஆப்பின் உதவிப் பகுதியில் எழுத்தில் கேட்க வேண்டும். போனில் கேட்டால் “பார்க்கிறோம்” என்பார்கள், கையில் எதுவும் மிஞ்சாது. “என் பணம் வரலை” என்று மட்டும் எழுதினாலும் தயார்ப் பதில்தான் வரும். இப்படி எழுதட்டும்:

“இந்தத் தேதி இரவு 10.40-க்கு 1,860 ரூபாய் கையிருப்புப் பணம் கட்டிவிட்டேன். யுபிஐ பரிவர்த்தனை எண் இது. அதே தொகையை அந்த வாரப் பட்டுவாடாவிலும் கழித்திருக்கிறீர்கள். 1,860-ஐத் திருப்பிச் செலுத்தி, பாக்கி ஏதுமில்லை என்று மின்னஞ்சலில் உறுதி செய்தபின் என் கணக்கை மூடவும்.”

அந்தப் பரிவர்த்தனை எண் 12 இலக்கம், அவருடைய யுபிஐ ஆப்பிலேயே இருக்கும். புகார் எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். பணம் வங்கியில் ஏறி, அந்த மின்னஞ்சலும் வந்த பிறகுதான் கணக்கை அழிக்கும் பொத்தானைத் தொடலாம்.

400 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது சேரும்போது அவர் ஒப்புக்கொண்ட தவணை, விட்டுவிடுங்கள். ஆனால் வரியாகப் பிடித்தது 32 ரூபாய் மட்டுமில்லை, சீசன் முழுக்க வாராவாரம் பிடித்திருப்பார்கள். அது கம்பெனியிடம் இல்லை, அவருடைய பான் எண்ணில் சேர்ந்திருக்கிறது. அவர் வருமானம் வரி வரம்புக்குக் கீழேதான் இருக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அது அப்படியே திரும்பி வரும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பழைய வேலையிலிருந்து விடுவித்ததற்கான ‘ரிலீவிங் லெட்டர்’ புது இடத்தில் கேட்டால் பையன் திணறக்கூடும். டெலிவரி பார்ட்னரை அந்தக் கம்பெனிகள் ஊழியராகச் சேர்ப்பதில்லை, அதனால் அப்படி ஒரு கடிதம் தரமாட்டார்கள். பிஎஃப் கணக்கும் இருக்காது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் இ-ஷ்ரம் அட்டை எடுத்திருந்தால், பிஎஃப்பில் இருப்பது போலவே அதிலும் ‘யுஏஎன்’ என்று 12 இலக்க எண் இருக்கும். அதைப் பிஎஃப் எண் என்று நினைத்துப் படிவத்தில் எழுதிவிட வேண்டாம், இரண்டும் வேறு. பிஎஃப் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி, வாரக் கணக்குகளையும் பாக்கியில்லை என்ற மின்னஞ்சலையும் அச்செடுத்துக் கொடுக்கட்டும்.