பல்பு கரண்டைத் தின்பதில்லை: சைக்கிள் செயினை வைத்து ஒரு கரோசல்

கேள்வி: நான் 10ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மின்னோட்டத்தை வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிட்டு எட்டு ஸ்லைடில் இன்ஸ்டாகிராம் கரோசல் ஒன்று செய்தேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். பிள்ளைகள் ரசித்துப் பார்த்தார்கள். ஆனால் மறுநாள் கேட்டால், "பல்பு பாதிக் கரண்டை எடுத்துக்கும், மிச்சம்தான் திரும்பிப் போகும் மிஸ்" என்கிறார்கள். எங்கே தப்பு? எப்படி மாற்றிச் செய்வது?

பதில்: உங்கள் படங்களிலோ எழுத்திலோ தப்பு இருக்க வாய்ப்பில்லை. தப்பு தொட்டியில் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த தொட்டித் தண்ணீர் குழாய் வழியே இறங்கி வரும், குளிக்கவும் துவைக்கவும் செலவாகும், மிச்சம் சாக்கடைக்குப் போகும். அது மறுபடி மேலே ஏறித் தொட்டிக்குள் போவதை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. புத்தகத்தில் வரும் தண்ணீர் ஒப்புமையில் பம்பும் மூடிய குழாய் வளையமும் உண்டு, அது சரிதான். ஆனால் அது எந்த வீட்டிலும் இல்லாத குழாய். "தொட்டி" என்று நீங்கள் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தொட்டியைத்தான் நினைத்தார்கள், அதன் குணத்தை அப்படியே கரண்டுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

இது உங்கள் வகுப்பில் மட்டும் நடப்பதில்லை. 1980களில் நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன் என்ற ஆய்வாளர் பேட்டரியையும் பல்பையும் வைத்துப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தபோதும் இதே விடையைக் கேட்டார். ஆகவே கரோசலுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: கரண்ட் செலவாவதில்லை, ஆற்றல்தான் கைமாறுகிறது என்று காட்டுவது. ஓம் விதி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு எல்லாவற்றையும் எட்டு ஸ்லைடில் ஏற்ற வேண்டாம்.

அதற்கு நான் சிபாரிசு செய்வது சைக்கிள் செயின். பிள்ளைகள் தினமும் மிதிப்பது, கழன்றால் கையைக் கறையாக்கிக்கொண்டு அவர்களே மாட்டுவது. பெடலை மிதிக்கும் கால்தான் மின்கலம். செயின்தான் கம்பிக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள். பின் சக்கரம் பல்பு. செயின் வளையமாக ஓடுகிறது, ஒரு கண்ணிகூடக் குறைவதில்லை. ஆனாலும் கால் செய்த வேலை சக்கரத்துக்குப் போய்விடுகிறது. நீங்கள் சொல்ல வேண்டியது முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

படம் வரைவதற்கு முன் ஒரு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, உட்கார்ந்து பாருங்கள். செயின் சைக்கிளின் வலப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பின் சக்கரம் நமக்கு இடப்புறமும் பெடல் வலப்புறமும் வரும். மின்கலத்தை முதலில் காட்ட வேண்டும் என்று படத்தைத் திருப்பிப் போடத் தோன்றும். போடாதீர்கள், தினமும் ஓட்டும் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். சக்கரத்திலிருந்தே தொடங்குவது நல்லதும்கூட. எரிகிற பல்பைப் பார்த்துவிட்டுத்தானே "ஏன்?" என்று கேட்கத் தோன்றும்.

இப்போது பெடலை முன்னோக்கிச் சுற்றுங்கள். செயினின் மேல்பகுதி விறைப்பாக இருக்கும், கீழ்ப்பகுதி தொய்ந்திருக்கும். விறைத்த மேல்பகுதி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். சக்கரத்திலிருந்து பெடலை நோக்கி! கண்ணிகள் பெடல் பக்கம் போகின்றன, ஆற்றலோ பெடலிலிருந்து சக்கரத்துக்கு வருகிறது. நகரும் பொருளும் கைமாறும் ஆற்றலும் வேறு வேறு என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி எனக்குத் தெரியாது. கரோசலின் நடு ஸ்லைடு இதுவாகத்தான் இருக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு அம்புக்குறிகள் போதும்: கண்ணிகளுக்கு ஒரு நிறம், ஆற்றலுக்கு வேறு நிறம். அந்த இரண்டு நிறங்களும் கடைசி ஸ்லைடு வரை மாறக் கூடாது.

நான் செய்தால் ஸ்லைடுகள் இப்படிப் போகும். முதல் ஸ்லைடில் ஒரு மின்கலம், ஒரு பல்பு, இரண்டு கம்பிகள், ஒரு கேள்வி: "பல்புக்குள் போகும் கரண்ட் அதிகமா, வெளியே வரும் கரண்ட் அதிகமா?" விடை அங்கே வேண்டாம். பிள்ளை மனசுக்குள் ஒரு விடை வைத்துக்கொண்டு நகர வேண்டும். இரண்டாவதில் பின் சக்கரம், மூன்றாவதில் பெடல். இந்த இரண்டும் ஒரே நீளப் படத்தின் இரு துண்டுகளாக இருக்கட்டும், தள்ளும்போது செயின் ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து போகும். கரோசலுக்கே உரிய வசதி இது, போஸ்டரில் கிடைக்காது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. செயினின் மேல்வரி, கீழ்வரி இரண்டும் இரண்டு ஸ்லைடிலும் தெரிய வேண்டும். மேல்வரி மட்டும் தெரிந்தால் அது மறுபடியும் ஒருவழிக் குழாய்தான்.

நான்காவது அந்த அம்புக்குறி ஸ்லைடு. ஐந்தாவதில் எண்ணிக்கை. பெடல் பல்சக்கரத்தில் 44 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று வந்தால் மேலே 44 கண்ணிகள் கடக்கும், கீழேயும் 44 கண்ணிகள் கடக்கும். மேலே 44, கீழே 30 என்றால் மீதி 14 கண்ணி எங்கே குவிந்தது என்று கேளுங்கள், பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள். அதே ஸ்லைடின் கீழ்ப்பாதியில் உண்மையான சுற்று: 1.5 வோல்ட் மின்கலம், 5 ஓம் மின்தடை கொண்ட பல்பு, இரு பக்கமும் ஓர் அம்மீட்டர். மின்கலம், கம்பிகளின் சிறிய மின்தடையை விட்டுவிட்டால் இரண்டிலும் 0.3 ஆம்பியர். பல்பு வாங்கிக்கொண்டது விநாடிக்கு 1.5 × 0.3, அதாவது 0.45 ஜூல் ஆற்றல். ஆம்பியரில் ஒரு துளிகூடக் குறையவில்லை.

ஆறாவதில் பிரேக். காலால் ஒரே விசையில் மிதித்துக்கொண்டே பின் பிரேக்கை லேசாகப் பிடித்தால் செயின் எங்கே மெதுவாகும்? சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டுமா? இல்லை, மேலும் கீழும் முழு வளையமும் ஒன்றாக மெதுவாகும். மின்தடையைக் கூட்டினால் சுற்று முழுவதும் மின்னோட்டம் குறைவதும் இப்படித்தான். "பல்புக்கு முன்னால் கரண்ட் வேகமாக வரும், பல்பில் மாட்டி மெதுவாகும்" என்ற எண்ணம் இங்கே உடையும். இன்னும் ஒரு படி போக விரும்பினால், செயினின் விறைப்பை மின்னழுத்தத்துக்கும் அதன் வேகத்தை மின்னோட்டத்துக்கும் ஒப்பிடலாம். இழுவிசையை வேகத்தால் பெருக்கினால் சைக்கிளில் திறன் கிடைக்கும், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் சுற்றில் திறன் கிடைக்கும். ஆனால் இதை வகுப்பில் வாயால் சொல்லுங்கள். ஸ்லைடில் வைத்தால் நெரிசலாகும்.

ஏழாவதுதான் பலரும் விட்டுவிடுவது: ஒப்புமை எங்கே உடைகிறது? செயின் ஒப்புமை மூன்று இடங்களில் உடையும். முதலாவது, பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் ஃப்ரீவீல் 'கிடுகிடு'வென்று ஓடும், சக்கரம் சுற்றாது. சாதாரண இழை பல்பில் மின்கலத்தைத் திருப்பிப் போட்டாலும் வெளிச்சம் வரும். (எல்.இ.டி. மட்டும் ஃப்ரீவீல் போல ஒருபக்கம்தான் வேலை செய்யும். கெட்டிக்காரப் பிள்ளை இதைக் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்லுங்கள்.) இரண்டாவது, செயின் கிளை பிரியாது, அதனால் பக்க இணைப்பை இதை வைத்து விளக்க முடியாது. மூன்றாவது, எலக்ட்ரான்கள் கண்ணிபோல ஒன்றையொன்று கோத்து இழுப்பதில்லை. கம்பி முழுவதும் பரவும் மின்புலம் எல்லாவற்றையும் தள்ளுகிறது. எலக்ட்ரான்கள் நகரும் வேகமும் நம்ப முடியாத அளவு குறைவு. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடும்போது, சராசரியாக ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவதற்குக் காரணம், எல்லா எலக்ட்ரான்களும் கம்பிக்குள் முன்பே இருக்கின்றன, ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன. செயினும் அப்படித்தானே, பெடலில் இருக்கும் கண்ணி சக்கரம் வந்து சேரும்வரை சக்கரம் காத்திருப்பதில்லை.

மூன்றையும் ஒரே ஸ்லைடில் திணிக்காதீர்கள். 10ஆம் வகுப்புக்கு ஃப்ரீவீலும் கிளை பிரியாததும் போதும். பக்க இணைப்புக்கு வேறொரு கரோசல், வேறொரு ஒப்புமை வைத்துக்கொள்ளுங்கள். 1983இல் டெட்ரே கென்ட்னர், டொனால்ட் கென்ட்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மின்சாரத்தைத் தண்ணீராக நினைத்தவர்கள் மின்கலங்களைச் சேர்க்கும் கணக்குகளிலும், வாசல் வழியே நெருக்கியடித்துப் போகும் கூட்டமாக நினைத்தவர்கள் மின்தடைக் கணக்குகளிலும் நன்றாகச் செய்தார்கள். எந்த ஒப்புமையைக் கொடுக்கிறோமோ அதற்கேற்ற கேள்விகளில்தான் பிள்ளைகள் தேறுகிறார்கள். ஆகவே ஒரு கரோசலுக்குள் செயினும் தொட்டியும் கூட்டமும் கலந்து வந்தால் மூன்றும் கெடும்.

எட்டாவதில் முதல் ஸ்லைடின் கேள்வியே மறுபடி, இந்த முறை படத்தில் இரண்டு அம்மீட்டரோடு.

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம். 1080 × 1350 பிக்சலில் செய்யுங்கள். ஒரு ஸ்லைடில் இருபது, இருபத்தைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழில் மேலும் கீழும் நீளும் எழுத்துகள் அதிகம், வரிக்கு வரி இடைவெளி தாராளமாக விடாவிட்டால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் ஒன்றோடொன்று முட்டும். உங்கள் கணினித் திரையில் பார்த்துத் திருப்திப்படாமல், வீட்டில் இருக்கும் சிறிய போனில் கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடும்போது ஸ்லைடுகள் தனித்தனிப் படங்களாகிவிடும். ஒருவர் ஐந்தாவதை மட்டும் வேறு குழுவுக்கு அனுப்புவார். அதனால் ஒவ்வொன்றின் மூலையிலும் 5/8 என்பதுபோல எண் இருக்கட்டும். "செயின் = எலக்ட்ரான்கள், கால் = மின்கலம், சக்கரம் = பல்பு" என்ற சின்னக் குறிப்பும் எல்லாவற்றிலும் இருக்கட்டும். நீளப் படமாக வெட்டிய இரண்டாவதையும் மூன்றாவதையும் வாட்ஸ்அப்புக்கு மட்டும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால் செயின் அறுந்து தெரியாது.

சரி, புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மிஸ்" என்றுதான் வரும். இரண்டு நாள் கழித்து, சைக்கிள் பேச்சே எடுக்காமல், கரும்பலகையில் இரண்டு பல்புகளை வரிசையாக இணைத்து வரையுங்கள். மின்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள பல்பு அதிகம் எரியுமா, தள்ளி உள்ளதா, இரண்டும் ஒரே மாதிரியா, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரே வகைப் பல்புகள் என்பதையும் சொல்லிவிடுங்கள். "பக்கத்தில் உள்ளதுதான்" என்று எழுதுபவர்கள் மனதில் இன்னும் தொட்டி இருக்கிறது. "ஒரே மாதிரி, ஏன்னா கரண்ட் எல்லா இடத்திலும் ஒன்றுதான்" என்பவர்கள் செயினைப் பிடித்துவிட்டார்கள். "ஒரே மாதிரி, பாதி பாதியா எடுத்துக்கும்" என்று எழுதுபவர்களைத்தான் கவனிக்க வேண்டும். விடை சரி, காரணம் பழையதே. அவர்களை மட்டும் வெளியே அழைத்துப் போய், செயினில் ஒரு கண்ணிக்கு நகப்பூச்சு தடவி, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றவிட்டு, அந்தச் சிவப்புக் கண்ணி சக்கரத்தைத் தாண்டித் திரும்பி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.