இயேசு சொன்னதா சொல்லப்படுற, ஆனா பைபிள்ல இல்லாத வாசகங்கள் எந்தப் பழைய சுவிசேஷங்கள்ல இருக்கு? அது நிஜமா அவர் சொன்னதுதான்னு அறிஞர்கள் எப்படி முடிவு பண்றாங்க?

முக்கியமாக மூன்று: தோமா சுவிசேஷம், எபிரேயர் சுவிசேஷம், எகிப்தியர் சுவிசேஷம். இவற்றில் தோமா மட்டும்தான் முழுதாகக் கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் தொலைந்துவிட்டன. ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களான சபைப் பிதாக்கள் தங்கள் நூல்களில் எடுத்துக்காட்டிய வரிகள்தான் மிச்சம். இவை போக, எகிப்தில் கிடைத்த பப்பைரஸ் துண்டுகள் சில உண்டு. இப்படி நான்கு சுவிசேஷங்களுக்கு வெளியே உலவும் வாக்குகளுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'அக்ராஃபா', அதாவது எழுதப்படாதவை. அப்படி ஒன்று பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்று இயேசு சொன்னதாக அப்போஸ்தலர் 20:35-இல் பவுல் சொல்கிறார். நான்கு சுவிசேஷங்களிலும் அந்த வரியைத் தேடிப்பாருங்கள், கிடைக்காது.

எப்படி எடைபோடுகிறார்கள் என்பதைப் பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. ஒரே ஒரு வாக்கை எடுத்துக்கொள்கிறேன். போன வருஷம் எங்கள் சபை வாட்ஸாப் குழுவில், எரியும் மெழுகுவர்த்திப் படத்தோடு 'இயேசுவின் மறைக்கப்பட்ட வார்த்தை' என்று அது வந்தது. "என் அருகில் இருப்பவன் நெருப்பின் அருகில் இருக்கிறான், எனக்குத் தூரமானவன் ராஜ்யத்துக்குத் தூரமானவன்." தோமா சுவிசேஷத்தின் 114 வாக்குகளில் இது 82-ஆவது.

முதலில், இதை யாரும் மறைக்கவில்லை. எகிப்தின் நாக் ஹம்மாடியில் 1945-இல் தோமாவின் காப்டிக் மொழிப் பிரதி கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த வாக்கு தெரியும். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சபைப் பிதா ஆரிஜன் எரேமியாவைப் பற்றி ஆற்றிய பிரசங்கம் ஒன்றில் இதைச் சொல்லியிருக்கிறார். சொல்வதற்கு முன் அவர் போடும் பீடிகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'இரட்சகர் சொன்னதாக எங்கோ வாசித்தேன்' என்று தொடங்கி, யாராவது இரட்சகர் பேசுவதுபோலப் புனைந்து எழுதினார்களா, அல்லது நினைவிலிருந்து எடுத்துச் சொன்னார்களா, சொன்னது உண்மைதானா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார். புனைவா, நினைவா, மெய்யா? இன்றைய ஆய்வாளர்களும் இதே கேள்வியில்தான் நிற்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். தோமா சுவிசேஷம் என்ற பெயர் ஆரிஜனுக்குத் தெரியும். லூக்கா பற்றிய பிரசங்கத்தில் அதை ஏற்கப்படாத சுவிசேஷங்களோடு சேர்த்துச் சொல்கிறார். ஆனால் இங்கே 'தோமாவில்' என்று சொல்லாமல் 'எங்கோ' என்கிறார்.

சரி, சாட்சிகளை எண்ணுவோம். தோமா ஒன்று, ஆரிஜன் இரண்டு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் டிடிமுஸ் சங்கீத உரையில் சொல்கிறார், அது மூன்று. பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு காப்டிக் பிரதி 1999-இல் 'இரட்சகரின் சுவிசேஷம்' என்ற பெயரில் பதிப்பிக்கப்பட்டது. அதிலும் இந்த வாக்கு இருக்கிறது, ஆனால் 'ராஜ்யத்துக்கு' என்ற இடத்தில் 'ஜீவனுக்கு' என்று. அர்மீனிய மொழியில் கிடைத்த ஒரு பழைய உரையிலும் 'ஜீவன்'தான்.

ஐந்து சாட்சி என்றதும் வழக்கு ஜெயித்த மாதிரித் தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்குவது. சாட்சிகள் எத்தனை என்பது பெரிதல்ல, ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. ஆரிஜன் வாசித்த அந்த 'எங்கோ' தோமாவாகவே இருந்தால், அவர் தனிச் சாட்சி இல்லை. டிடிமுஸ் ஆரிஜனை ஊன்றிப் படித்தவர், அதே ஊர்க்காரர். அவரையும் தனியாக எண்ண முடியாது. பெர்லின் பிரதியும் அர்மீனிய உரையும் சொல்மாறி வருவதால், வாக்கு தோமாவுக்கு வெளியேயும் நடமாடியது என்று காட்டலாம். ஆனால் நடமாடியது என்பதற்கும் இயேசு வாயிலிருந்து வந்தது என்பதற்கும் இடையே வெகுதூரம்.

அடுத்தது உள்ளடக்கம். ஜெர்மானிய அறிஞர் யோவாகிம் எரேமியாஸ் 1948-இல் இப்படிப்பட்ட வாக்குகளைத் தொகுத்துப் புடைத்தெடுத்தபோது, ஏற்கத்தக்க சிலவற்றில் இதையும் வைத்தார். இரண்டு அடி, எதிரெதிர்ப் பொருள்: அருகில், தூரம். எபிரேய, அரமேயக் கவிதையின் நடை இது. சுவிசேஷங்களில் இயேசுவின் பேச்சும் பெரும்பாலும் இப்படித்தான் போகும். "நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல" என்று மாற்கு 12-இல் வருகிறது. "பூமியின்மேல் அக்கினியைப் போடவந்தேன்" என்று லூக்கா 12-இல் வருகிறது. பின்பற்ற வருகிறேன் என்றவனிடம் "மனுஷகுமாரனுக்கோ தலைசாய்க்க இடமில்லை" என்று சொல்லிப் பயமுறுத்தியவர், 'என் பக்கத்தில் வந்தால் சுடும்' என்றும் சொல்லியிருப்பார் என்பது எரேமியாஸ் வாதத்தின் சாரம்.

எதிர்வாதம் என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது. தமிழ் தெரிந்தவனுக்கு அந்த வாக்கை வாசித்ததும் வேறொன்று நினைவுக்கு வரும்: "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க." அரசனைச் சேர்ந்திருப்பவன் குளிர்காய்பவன் போல, ரொம்ப ஒட்டாமலும் ரொம்ப விலகாமலும் இருக்கச் சொல்கிறது குறள். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல வரவில்லை. தயவுசெய்து யாரும் அந்தத் திசையில் ஓட வேண்டாம். வலிமையானவன் அருகே இருப்பது நெருப்பருகே இருப்பது போல என்பது எந்த ஊரிலும் யாருக்கும் தோன்றக்கூடிய எண்ணம். கிரேக்கத்தில் 'சீயஸுக்குத் தூரம், இடிக்கும் தூரம்' என்று ஒரு பழமொழியே உண்டு. ஊரில் உலவிய பழமொழி ஒன்று பெரியவர் பெயரில் ஒட்டிக்கொள்வது ஆச்சரியமா? நம்மிடம் ஔவையார் பெயரில் எத்தனை ஒட்டியிருக்கிறது! இன்னொரு சங்கடம், நெருப்பு என்பது தோமாவுக்கே பிடித்த உருவகம். உலகத்தின்மேல் நெருப்பைப் போட்டேன், அது பற்றி எரியும்வரை அதைக் காவல் காக்கிறேன் என்று 10-ஆவது வாக்கில் வருகிறது. 13-இல் கற்களிலிருந்து நெருப்பு புறப்படுகிறது. ஆசிரியரின் ருசிக்கு ரொம்பப் பொருந்தும் வாக்கைச் சந்தேகப்படுவது ஆய்வாளர் வழக்கம்.

அப்புறம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய சண்டை இருக்கிறது: தோமா மற்ற சுவிசேஷங்களைப் பார்த்து எழுதப்பட்டதா, தனி மரபா? ஹெல்முட் கோஸ்டர், கிராஸன் போன்ற ஆய்வாளர்கள் தனி மரபு என்பார்கள். மார்க் குட்ஏக்கர், சைமன் கேதர்கோல் இருவரும் 2012-இல் தனித்தனியே நூல் எழுதி, தோமாவுக்கு மத்தேயுவும் லூக்காவும் தெரியும் என்று வாதாடினார்கள். அவர்கள் காட்டும் தடயம் ஒன்றைச் சொல்கிறேன். 'மறைந்திருப்பது வெளிப்படும்' என்ற வாக்கு மாற்கு 4:22-இல், வெளிப்படுவதற்காகவே அல்லாமல் மறைந்தது எதுவும் இல்லை என்ற கரடுமுரடான வாக்கியமாக இருக்கிறது. லூக்கா அதை, வெளிப்படாத மறைபொருள் எதுவும் இல்லை என்று இழைத்துவிட்டார். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற அகழ்வாய்வாளர்கள் தோண்டியெடுத்த தோமாவின் கிரேக்கத் துண்டு ஒன்றில் 5-ஆவது வாக்கு லூக்கா இழைத்த அந்த வடிவத்தில் இருக்கிறது. லூக்காவின் கைவேலை தோமாவில் தெரிகிறது என்றால், தோமா லூக்காவுக்குப் பின்னால். எதிர்த்தரப்பு விடுமா? வாக்குகளை மனப்பாடமாக அறிந்த எழுத்தர் நகலெடுக்கும்போது தன்னை அறியாமல் லூக்காவின் சொல்லை நுழைத்திருக்கலாம் என்கிறது. போதாததற்குத் துண்டு கிழிந்திருக்கிறது. 'வெளிப்படும்' என்ற சொல்லின் முதல் சில எழுத்துகளோடு வரி நின்றுவிடுகிறது, மீதி பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. நம் 82-ஆவது வாக்குக்கு அந்தக் கிரேக்கத் துண்டும் இல்லை, காப்டிக்கில் மட்டும்தான்.

எபிரேயர் சுவிசேஷத்துக்கு வருவோம். ஒரு வாக்கை அதில் இருப்பதாக அலெக்சாந்திரியாவின் சபைப் பிதா கிளெமென்ட் எடுத்துக்காட்டுகிறார்: வியந்தவன் ஆளுவான், ஆட்சி செய்தவன் இளைப்பாறுவான். வேறொரு இடத்தில் நூல் பெயர் சொல்லாமல் அதையே நீட்டி எழுதுகிறார்: தேடுகிறவன் கண்டடையும்வரை ஓயமாட்டான், கண்டதும் வியப்பான், வியந்து ஆளுவான், ஆண்டு இளைப்பாறுவான். ஆக்ஸிரிங்கஸ் துண்டு கிடைத்தபோது பார்த்தால், அதே சங்கிலி தோமாவின் 2-ஆவது வாக்காக அங்கே நின்றது. காப்டிக்கிலோ இளைப்பாறுதல் இல்லை, பதிலாக நடுவில் 'கலங்குவான்' என்று ஒரு கண்ணி. ஒரே வாக்கு, இரண்டு புத்தகப் பெயர், மூன்று வடிவம். கிளெமென்ட்டோ இன்னொரு சபைப் பிதாவான ஜெரோமோ 'இன்ன சுவிசேஷத்தில் இருக்கிறது' என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

எகிப்தியர் சுவிசேஷத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரணம் எதுவரை ஆளும் என்று சலோமே கேட்க, பெண்கள் பிள்ளை பெறும்வரை என்று இயேசு பதில் சொல்கிறார். கல்யாணத்தையே வெறுத்த ஒரு துறவுக் கூட்டத்தின் குரல் அதில் அப்பட்டமாகக் கேட்பதால், அதை இயேசுவின் சொல்லாக எடுப்பவர்கள் அரிது.

ஜான் மையர் போன்ற கறாரான ஆய்வாளர்கள், இந்த நூல்களிலிருந்து இயேசுவைப் பற்றி நம்பத்தக்க புதுச் செய்தி ஒன்றும் தேறாது என்றே எழுதிவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகம் என்று படுகிறது. 82-ஐப் பொறுத்தவரை நான் ஆரிஜன் பக்கம், அதாவது முடிவில்லாமல் நிற்கும் பக்கம். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் 97-இல் கட்டுவேன். தோமாவில் மட்டுமே உள்ள உவமை அது. ஒரு பெண் மாவு நிறைந்த ஜாடியைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடக்கிறாள். பிடி உடைந்து மாவு வழியெல்லாம் கொட்டுகிறது, அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இறக்கிவைத்துப் பார்த்தால் ஜாடி காலி. பிதாவின் ராஜ்யம் அப்படிப்பட்டதாம். விளக்கம் இல்லை, உபதேசம் இல்லை, தோமாவுக்குப் பிடித்த நெருப்பும் ஒளியும் ரகசியமும் இல்லை. இப்படி ஒன்றைப் புனைந்து எந்தக் கூட்டம் என்ன லாபம் பார்த்திருக்கும் என்பதுதான் என் வாதம். இதன் பலவீனமும் எனக்குத் தெரியும்: வேறெங்கும் இது இல்லாததால், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது சாட்சி ஒன்றுகூடக் கிடையாது.