0.318-இன் மேல் ஒரு கோடு: ஓய்வுபெற்ற கணித ஆசிரியரின் பதில்கள்

தக்கலையிலிருந்து ஒரு தாய்: ஐயா, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளின் நோட்டைப் படமெடுத்து அனுப்பியுள்ளேன். 0.318 என்று எழுதி, மேலே கோடு போட்டிருக்கிறாள். பின்னமாக மாற்ற வேண்டுமாம். எனக்குப் புரியவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் கோடு 1-இன் மேல் தொடங்கி 8-இன் மேல் முடிவதாகத் தெரிகிறது. ஆனால் 3-இன் பக்கம் தாளின் மடிப்பு நிழலாக விழுந்திருப்பதால், நோட்டை நேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோடு எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிக்காமல் கணக்கைத் தொடங்கக் கூடாது என்று என் மாணவர்களுக்கு ஓயாமல் சொல்லி வந்திருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நான் பார்த்தது சரியானால், அந்த எண் 0.3181818... என்று 18 மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே போகும் எண். அதற்கு x என்று பெயர் வைப்போம். முதலில் 3-ஐப் புள்ளிக்கு இடப்பக்கம் கொண்டுவர 10-ஆல் பெருக்கினால் 10x = 3.181818... என்று கிடைக்கும். அடுத்து ஒரு முழு 18-ஐயும் இடப்பக்கம் தள்ள, மேலும் 100-ஆல் பெருக்கினால் 1000x = 318.181818... என்று ஆகும். இப்போது இரண்டிலும் புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பது ஒரே வால். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அந்த வால் முழுவதும் நீங்கி, 990x = 315 என்று முழு எண்கள் மட்டும் மிஞ்சும். x என்பது 315/990; இரண்டையும் 45-ஆல் வகுத்தால் 7/22. மகளிடம் 7-ஐ 22-ஆல் நீள்வகுத்தல் செய்யச் சொல்லுங்கள். 3 ஒருமுறை வந்த பிறகு 18, 18 என்று வருவதை அவளே காண்பாள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு மாணவர்: சார், நான் 10x எடுக்கவில்லை. 100x-இலிருந்து x-ஐக் கழித்தேன். 99x = 31.5 என்று வந்தது. தொகுதியில் தசமம் வந்ததால் தவறு என்று அடித்துவிட்டேன்.

அடித்திருக்க வேண்டாம், தம்பி. 31.5/99 என்பதன் தொகுதியையும் பகுதியையும் 10-ஆல் பெருக்கினால் அதே 315/990 வருகிறது. திரும்ப வரும் இலக்கங்கள் இரண்டு என்பதால், இரண்டு இடம் தள்ளிக் கழிக்கும் எந்த இணையிலும் வால்கள் பொருந்தும். நீங்கள் 1000x-இலிருந்து x-ஐக் கழித்திருந்தால்தான் தவறு. அங்கே மூன்று இடம் தள்ளியிருப்பீர்கள். ஒன்றின் வால் 1818... என்றும் மற்றொன்றின் வால் 31818... என்றும் நிற்கும், கழித்த பிறகும் 317.8636... என்று முடிவில்லாத எண்ணே கையில் இருக்கும். விடையில் வால் நீங்கவில்லை என்றால் தள்ளிய இடங்களின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று கொள்ளுங்கள்.

இன்னொன்று: எண்ணுக்குப் பின்னே மூன்று புள்ளிகளை விடாமல் இடுங்கள். 0.31818 என்று ஐந்து இலக்கத்தோடு நிறுத்தி இதே கழித்தலைச் செய்தால் 315 வராது, 314.9982 வரும்.

தக்கலைத் தாய் மீண்டும்: நோட்டைப் பார்த்தேன் ஐயா. கோடு 3-இன் மேலும் இருக்கிறது.

அப்படியானால் எண்ணே வேறு: 0.318318318... மூன்று இலக்கமும் திரும்புவதால் 1000x-இலிருந்து x-ஐயே கழிக்கலாம்; 999x = 318; விடை 106/333. முந்தைய 7/22-ஐத் தலைகீழாக்கினால் 22/7. இதைத் தலைகீழாக்கினால் 333/106. இரண்டுமே வட்டக் கணக்கில் வரும் பை-இன் தோராய மதிப்புகள். கேள்வி எழுதியவர் திட்டமிட்டுச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது.

குளச்சலிலிருந்து ஒருவர்: கால்குலேட்டர் திரையைப் படமெடுத்து இணைத்துள்ளேன். 0.142857143 என்று காட்டுகிறது. இதன் பின்னம் என்ன?

திரையில் உள்ளது மட்டும்தான் எண் என்றால் 142857143-ஐ நூறு கோடியால் வகுத்தது. 1-ஐ 7-ஆல் வகுத்துப் படமெடுத்தீர்கள் என்று ஊகிக்கிறேன். கடைசி 3 என்பது 28 என்று தொடர வேண்டியதைத் திரை முழுமையாக்கிக் காட்டியது. ஆனால் அது ஊகம் மட்டுமே. இலக்கங்கள் திரும்புகின்றன என்பதை எந்தத் திரையும் மெய்ப்பிக்காது.

குலசேகரத்திலிருந்து ஒருவர்: பத்து சென்ட் நிலத்தை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாக எழுத வேண்டும். 3.333 என்று எழுதினால் கொஞ்சம் நிலம் விட்டுப்போகிறதே?

பத்து சென்ட் என்பது 4356 சதுர அடி. மூன்றில் ஒரு பங்கு சரியாக 1452 சதுர அடி, தசமமே வரவில்லை. பத்திரத்தில் எந்த அளவில் எழுதுவது என்பதை ஆவண எழுத்தரிடம் கேளுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாணவி: சார், எத்தனை 9, எத்தனை 0 என்ற குறுக்கு வழியை மட்டும் சொல்லுங்கள், போதும்.

திரும்பும் இலக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 9; புள்ளிக்குப் பின் திரும்பாத இலக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 0. மேலே வந்த 990 இப்படித்தான் வந்தது. தொகுதியை எப்படிப் பெறுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்குக் கழித்தலுக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

அருமனையிலிருந்து ஒருவர்: இந்த உத்தியே தவறு. 0.999... என்பதை x என்று வைத்தால் 9x = 9, x = 1 என்று வருகிறது. 0.999... எப்படி 1 ஆகும்? எப்போதும் கொஞ்சம் குறைவுதானே?

எவ்வளவு குறைவு என்று ஓர் எண்ணைச் சொல்லுங்கள். 0.001 என்றால், மூன்று 9 எழுதியபோது இருந்த குறைவு அது. நான்காவது 9 அதைப் பத்தில் ஒன்றாக்கிவிடும். நீங்கள் சொல்லும் எந்த நேர்ம எண்ணைவிடவும் குறைவு சிறியதாகிவிடுவதால், மிஞ்சுவது சுழிதான். 1/3 என்பது 0.333... என்று ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா? இருபுறமும் மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.

அருமனைக்காரர் மீண்டும்: அப்படியானால் 1/3 என்பதும் 0.333...-ஐவிடக் கொஞ்சம் பெரியது என்பேன்.

அதையும் நீள்வகுத்தலில் காட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் மீதி 1. எந்தப் படியில் 3-க்குப் பதிலாக வேறு இலக்கம் வரும்?

களியக்காவிளையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அவர் சொன்ன காரணம் தவறு, ஆனால் ஐயம் சரி. இதே உத்தியை இடப்பக்கம் முடிவில்லாத ...999 என்ற எண்ணில் செய்யுங்கள். 10x = ...990; x-இலிருந்து 10x-ஐக் கழித்தால் 9; x = -1 என்று வருகிறது. கழித்தல் மட்டும் எதையும் நிறுவவில்லை, சார்.

நல்ல எதிர்வாதம். x என்று பெயர் வைக்கும்போதே, அது ஓர் எண் என்று நாம் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். 0.31818...-ஐ 3/10 + 18/1000 + 18/100000 + ... என்று எழுதினால், 3/10-க்குப் பின் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதில் நூறில் ஒரு பங்கு. ஆகவே கூடுதல் ஓர் எல்லையை நெருங்குகிறது, கழித்தலும் செல்லும். ...999-இல் உறுப்புகள் பெரிதாகிக்கொண்டே போவதால், பள்ளியில் நாம் பயன்படுத்தும் எண்களுக்குள் அப்படி ஓர் எண்ணே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லாமல் உத்தியை மட்டும் கற்பிப்பது சரியா என்றால், எனக்குச் சரியென்றே படுகிறது.

கல்லூரி மாணவர் மீண்டும்: எனக்குப் படவில்லை. விதி என்று சொல்லிக் கொடுங்கள், நிறுவல் என்று சொல்லாதீர்கள்.

அந்தச் சொல்லை நான் பயன்படுத்தவில்லை. ஆனால் பலர் வகுப்பில் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை.

கருங்கலிலிருந்து ஒருவர்: 0.583, மேலே கோடு. அவசரம்.

கோடு எதன் மேல்? 3-இன் மேல் மட்டும் என்றால், 1000x-இலிருந்து 100x-ஐக் கழியுங்கள்: 900x = 525, விடை 7/12. வேறு இடத்தில் என்றால், தக்கலை அம்மாவுக்கு எழுதிய இரண்டு பதில்களையும் படியுங்கள்.