ஃப்ரிட்ஜ் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது மீன் கவர்

"நேற்று மாலை எடுத்த எங்கள் ஃப்ரிட்ஜ் படத்தை அனுப்பியிருக்கிறேன். எதை முதலில் சாப்பிட்டுத் தீர்ப்பது? எதை எங்கே வைப்பது?"
– வாசகி, கடலூர் முதுநகர்

உங்கள் படத்தில் என் கண் முதலில் போனது மேல்தட்டில் இருக்கும் மீன் கவருக்குத்தான். கானாங்கெளுத்தி போலத் தெரிகிறது. கவரின் அடியில் ஐஸ் கரைந்த தண்ணீர் தேங்கியிருக்கிறது, முடிச்சும் தளர்வு. அதற்கு நேர் கீழே தேங்காய்ச் சட்னிக் கிண்ணம் மூடாமல் இருக்கிறது. சாம்பாரில் சொட்டியிருந்தால்கூட நன்றாகக் கொதிக்க வைத்துவிடலாம். சட்னியை அப்படியே சாப்பிடுவோம் என்பதால் அதைக் கொட்டிவிடுங்கள்.

மீனை இன்று மதியமே சமைத்துவிடுங்கள். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. வாடை வராமலேகூட இருக்கலாம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, வாய் எரிந்து, தலை வலிக்கும். இதைப் படம் காட்டாது, வாங்கும்போது கூடையில் ஐஸ் இருந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இல்லையென்றால் அந்த மீனே வேண்டாம்.

சோறும் அப்படித்தான். வடித்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்திருந்தால் இன்று மதியத்துக்குள் நன்றாகச் சூடாக்கித் தீர்க்கலாம். மதியம் வடித்தது மாலைவரை அடுப்படியிலேயே இருந்திருந்தால் அதில் உண்டாகும் நச்சு சூடாக்கினாலும் போகாது. கொட்டிவிடுவதுதான் வழி. அடுத்தது சாம்பார், நாளைக்குள் முடியுங்கள். தயிரும் மாவும் அவசரமில்லை. மாவு புளித்தால் ருசிதான் மாறும், ஆனால் மேலே கறுப்பாகவோ ரோஸ் நிறமாகவோ புள்ளி வந்தால் முழுவதையும் எறியுங்கள்.

அடுக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். இதில் ஃப்ரீசருக்கு நேர் கீழேதான் குளிர் அதிகம், அதனால்தான் மீனை அங்கே வைக்கத் தோன்றுகிறது. யோசனை சரி, கவர்தான் தவறு. கசியாத மூடிப் பெட்டியில் போட்டால் அங்கேயே வைக்கலாம். பெட்டி இல்லையா, அடித்தட்டில் ஒரு குழிந்த தட்டின் மேல் வையுங்கள். அதற்குக் கீழே காய்கறி டிரே இருப்பதால் அந்தத் தட்டு கட்டாயம் தேவை. சமைத்ததெல்லாம் மூடியோடு பச்சை மீனுக்கு மேலே, அல்லது அதிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

கதவில் இருக்கும் பால் பாக்கெட்டை உள்ளே தள்ளுங்கள். திறந்து மூடும்போதெல்லாம் கதவுப்பக்கம்தான் முதலில் சூடாகும். அங்கே ஊறுகாய், ஜாம், தண்ணீர் பாட்டில் போதும். அப்புறம், ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் 5 டிகிரிக்கு மேல் காட்டினால் குளிரைக் கூட்டுங்கள். பாத்திரங்களைப் பின்சுவரோடு ஒட்டி நெருக்கமாக அடுக்கினாலும் குளிர் சுற்றாது, கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.